மலைக்கு வந்த வினாத்தாள்

இன்று கல்வராயன் மலையிலிருந்து ஒரு வினாத்தாள் என்னிடம் வந்துசேர அரை நிமிடம் போதும். சேராப்பட்டிலோ வெள்ளிமலையிலோ ஒரு பிள்ளை கைபேசியில் படம் எடுக்கிறது. சிக்னல் கிடைக்கும் மேட்டில் போய் நின்று அனுப்புகிறது. கள்ளக்குறிச்சியில் என் வீட்டு முன்னறையில் அது திறக்கிறது. "சார், இதத் தமிழ்ல போட்டுக் குடுங்க சார், ஞாயித்துக்கெழம எழுதிப் பாக்கணும்" என்று குரல் பதிவும் கூடவே வரும்.

நான் இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்த நாட்களில் இந்தப் பயணம் தலைகீழாக இருந்தது. கள்ளக்குறிச்சி அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993-ல் விழுப்புரம் மாவட்டமானோம், 2019 நவம்பரில்தான் தனி மாவட்டம். சேலத்திலோ சென்னையிலோ போட்டித் தேர்வு எழுதிவிட்டு வரும் ஒருவர் வினாத்தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் கொண்டுவருவார். அதை வாங்கி ஜெராக்ஸ் எடுத்து, மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரவெல்லாம் தமிழாக்குவோம். மறுநாள் ஸ்டென்சில் தாளில் எழுத்தாணியால் கீறி, சைக்ளோஸ்டைல் உருளையில் ஓட்டி, மை காய்ந்ததும் கட்டி, கச்சிராயபாளையம் வழியாக மலையேறும் பஸ்ஸில் நடத்துநரிடம் கொடுத்தனுப்புவோம். மேலே உண்டு உறைவிடப் பள்ளியில் அந்தக் கட்டுக்காகப் பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

இன்று அரசுத் தேர்வுகளில் பலவும் தமிழிலேயே வந்துவிட்டன. நீட் 2017 முதல் தமிழில் உண்டு. ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு 2021 முதல் உண்டு. மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் காவலர் தேர்வையும் 2024-ல் தமிழில் எழுத முடிந்தது. இவ்வளவு வந்த பிறகும் மொழிபெயர்க்கச் சொல்லிப் படங்கள் வருவது ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. தேர்வு தமிழில் இருக்கிறது, பயிற்சி தமிழில் இல்லை. தனியார் மையங்கள் விற்கும் மாதிரித் தாள்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கின்றன. தமிழ் வழியில் படித்த மலைப்பிள்ளைக்கு அந்தத் தாளில் உள்ள இயற்பியல் தெரியும், அதைக் கேட்கும் வாக்கியம்தான் தெரியாது. தேர்வு அறைக்குப் போகும் முன் அந்தப் பிள்ளை எழுதிப் பார்க்க வேண்டிய தாள்கள் எல்லாம் வேறு மொழியில் கிடக்கின்றன.

முன்பு தாளே கிடைக்காது. இப்போது தாள் குவிகிறது. ஆனால் அன்று எந்த இடத்தில் வினா அழிந்து வந்ததோ அதே இடத்தில்தான் இன்றும் அழிந்து வருகிறது. அன்று மடித்த கோட்டில் மை உதிர்ந்திருக்கும், ஜெராக்ஸின் ஜெராக்ஸில் அந்தக் கோடு வெள்ளையாகிவிடும். இன்று புத்தகத்தின் நடு மடிப்பு படத்தில் இருண்டு போகிறது, வலது ஓரம் சட்டகத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. இரண்டிலும் தொலைபவை பெரிய சொற்கள் அல்ல. ஒரு கழித்தல் குறி, ஒரு அடுக்கெண், நான்காவது விடையின் கடைசி எழுத்து. வாக்கியத்தில் ஒரு சொல் போனால் சூழலைக் கொண்டு ஊகித்துவிடலாம். எண்ணுக்குச் சூழல் கிடையாது.

அதனால் படம் வந்ததும் நான் மொழிபெயர்க்கத் தொடங்குவதில்லை. முதலில் ஒரு வெள்ளைத் தாளில் எலும்புக்கூட்டை மட்டும் எழுதிக்கொள்கிறேன். வினா எண்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே விடைக் குறிகள், பகுதித் தலைப்புகள், மதிப்பெண்கள். ஒரு சொல்கூடத் தமிழில் எழுதும் முன்பு, 1 முதல் கடைசி வரை எண்கள் விடாமல் வருகின்றனவா, ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகள் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். இந்த வேலையில்தான் படத்தின் ஓட்டைகள் தெரியவரும். இரு பத்திகளாக அச்சான பக்கத்தில் 14-ஆம் வினா இடப்பத்தியின் அடியில் தொடங்கி, வலப்பத்தியின் தலையில் முடியும். அதன் மூன்றாவது, நான்காவது விடைகள் எண் இல்லாத அநாதைகளாக அங்கே நிற்கும். மேலிருந்து கீழாக அவசரமாகப் படிப்பவர் அவற்றை 15-ஆம் வினாவோடு சேர்த்துவிடுவார். விடைகள் இரண்டிரண்டாக அடுக்கப்பட்டிருந்தால் (1), (2) மேல் வரிசையிலும் (3), (4) கீழ் வரிசையிலும் இருக்கும். சில அச்சகங்கள் (1), (2) என்பதை இடப்பக்கம் மேலும் கீழுமாக வைக்கின்றன. குறியைப் பார்த்து எழுத வேண்டுமே தவிர, கண் போகிற போக்கில் எழுதக் கூடாது.

படத்திலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்கும் செயலிகளைச் சில இளம் ஆசிரியர்கள் பயன்படுத்துகிறார்கள். தட்டச்சு மிச்சம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவை அடுக்கெண்ணை அடிக்கடி தரைக்கு இறக்கிவிடுகின்றன. 9 × 10⁹ என்பது 9 × 109 ஆகிவிடும். பூஜ்யமும் ஆங்கில ஓ எழுத்தும், ஒன்றும் ஆங்கில எல் எழுத்தும் இடம் மாறும். எனவே எண் உள்ள ஒவ்வொரு வரியையும் மீண்டும் படத்தோடு வைத்துப் பார்த்தாக வேண்டும். ஸ்டென்சில் காலத்தில் அடுக்கெண்ணைக் கீறும்போது தாள் கிழியாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொள்வோம். அந்தக் கவனம் இன்றும் அந்தச் சின்ன எண்ணுக்குத் தேவைப்படுகிறது.

எலும்புக்கூடு சரியான பிறகு வருவது விடைக் குறிகளை மாற்றலாமா என்ற கேள்வி. ஆங்கிலத்தில் (A), (B), (C), (D) என்று இருப்பதைத் தமிழில் (அ), (ஆ), (இ), (ஈ) என்று எழுதுவது நமக்கு இயல்பாக வரும். கீழ் வகுப்புப் பாடநூல்களில் அப்படித்தான் பழகியிருக்கிறோம். நான் பணியில் இருந்த தொடக்க ஆண்டுகளில் ஸ்டென்சில்களிலும் அப்படித்தான் வழக்கம். இன்று அதை நான் வலுவாக எதிர்க்கிறேன். காரணம் ஓ.எம்.ஆர். தாள். பிள்ளை கருப்பு மையால் நிரப்பும் வட்டத்துக்குள் A, B, C, D என்றோ 1, 2, 3, 4 என்றோதான் இருக்கிறது. வினாத்தாளில் ஒரு குறி, விடைத்தாளில் வேறொரு குறி என்றால் ஒவ்வொரு வினாவுக்கும் மனத்துக்குள் ஒரு கணக்கு கூடுதலாக ஓடும். மூன்று மணி நேரத்தில் 180 வினாக்கள் எழுதும் பிள்ளையின் தலையில் அந்தச் சுமையை நாம் ஏற்றக் கூடாது.

சுமையோடு நின்றால்கூடப் பரவாயில்லை. டி.என்.பி.எஸ்.சி. தாளில் ஐந்தாவதாக (E) என்றொரு விடையும் உண்டு, விடை தெரியவில்லை என்று குறிப்பதற்கு. தமிழ் வரிசையில் நான்காவது குறி (ஈ). அதை வாயால் சொன்னால் ஆங்கிலத்தின் ஐந்தாவது எழுத்து. தொலைபேசியில் விடைக்குறிப்பை ஒருவர் படிக்க மற்றவர் எழுதிக்கொள்ளும்போது "பதினேழாவது, ஈ" என்றால் நான்காவதா, ஐந்தாவதா? சரியான விடையைக் குறித்த பிள்ளை தன் தாளைத் தானே திருத்தும்போது தவறென்று அடித்துவிட்டு, தெரிந்த பாடத்தைத் தெரியாதென்று நம்பித் திரும்பவும் உட்காரும். குறி அப்படியே இருந்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை.

பொருத்துக வகை வினாக்களில் குறிகள் இரண்டு அடுக்காக வரும். இடப்பட்டியலில் (a) முதல் (d) வரை, வலப்பட்டியலில் (i) முதல் (iv) வரை, அவற்றுக்குக் கீழே விடைகள் (1) முதல் (4) வரை. ஒவ்வொரு விடைக்குள்ளும் a-iii, b-i என்று பட்டியல் குறிகள் மீண்டும் வரும். பட்டியலில் (a) என்பதை (அ) ஆக்கிவிட்டு, விடைகளுக்குள் a-iii என்று அப்படியே விட்ட தாள்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வினாவுக்கு விடையே கிடையாது. கூற்று, காரணம் வினாவும் அப்படித்தான். ஆங்கிலத்தில் கூற்றுக்கு (A), காரணத்துக்கு (R) என்று குறி. விடைகளில் A சரி, R தவறு என்று வரும். கூற்று (க) என்று மாற்றுகிறவர், விடைகள் நான்கிலும் அதைத் தேடிப்பிடித்து மாற்ற வேண்டும். கூற்று (A), காரணம் (R) என்றே விட்டுவிட்டால் தேட எதுவுமில்லை. தேர்வு நடத்துகிறவர்களும் தமிழ்த் தாளில் அப்படித்தான் விடுகிறார்கள்.

இதுவரை சொன்ன பிழைகளில் பெரும்பாலானவை ஒரு வகையில் நல்ல பிழைகள் என்பேன். வெற்றிடத்தின் காந்த உட்புகுதிறனின் மதிப்பு 4π × 10⁻⁷. படத்தில் கழித்தல் குறி விழுந்துபோய் 10⁷ என்று எழுதிவிட்டால், பிள்ளை போடும் கணக்கில் பதினான்கு பூஜ்யங்கள் அதிகமாகும். வரும் விடை நான்கில் எதிலும் இருக்காது. பிள்ளைக்கு ஐந்து நிமிடம் வீணாகும், எரிச்சல் வரும், ஆனால் வினாவில் ஏதோ தப்பு என்று தெரிந்துவிடும். "சார், ஆன்சர் இல்ல" என்று செய்தி வரும். நாமும் திருத்திவிடுவோம். உண்மையில் கேடு செய்வது வேறு வகை. தவறான வினாவுக்குச் சரியாகக் கணக்குப் போட்டால் கிடைக்கும் விடையும் அந்த நான்கிற்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் வகை அது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். சம உந்தத்துடன் இரண்டு பொருள்கள் இயங்குகின்றன. ஒன்றின் நிறை m, மற்றதன் நிறை 4m. முதலாவதன் இயக்க ஆற்றலுக்கும் இரண்டாவதன் இயக்க ஆற்றலுக்கும் உள்ள விகிதம் கேட்கப்படுகிறது. விடைகள் இவை:

(1) 1 : 4
(2) 4 : 1
(3) 1 : 2
(4) 2 : 1

இயக்க ஆற்றல் p²/2m. உந்தம் p இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே நிறை குறைவான பொருளுக்கே ஆற்றல் அதிகம், நான்கு மடங்கு. விகிதம் 4 : 1, விடை (2).

ஆங்கிலத்தில் இந்த வினா விகிதம் என்ற சொல்லோடு தொடங்கும். m நிறையுள்ள பொருள் முதலில் வரும், 4m நிறையுள்ள பொருள் வாக்கியத்தின் கடைசியில் வரும். ஆங்கில வாக்கியத்தை வாலிலிருந்து தலைக்குப் படித்துத் தமிழாக்குவது நம் பழக்கம். பெரும்பாலான வாக்கியங்களுக்கு அது பொருந்தும், பள்ளியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அதே கைப்பழக்கத்தில் எழுதினால் "4m நிறையுள்ள பொருளின் இயக்க ஆற்றலுக்கும் m நிறையுள்ள பொருளின் இயக்க ஆற்றலுக்கும் உள்ள விகிதம்" என்று வந்துவிடும். இலக்கணத்தில் குறையே இல்லாத, சரளமான தமிழ் வாக்கியம். ஆனால் இந்த வாக்கியத்துக்கு விடை 1 : 4. அதுவும் முதல் விடையாக அங்கே இருக்கிறது. பிள்ளை தயக்கமின்றி (1)-ஐ நிரப்பும். விடைக்குறிப்பு (2) என்று சொல்லும். தன் இயற்பியலில்தான் கோளாறு என்று அந்தப் பிள்ளை முடிவு செய்யும்.

விகிதம், சதவீதம், கழித்தல், "முறையே" என்று வரும் வினாக்கள் எல்லாவற்றிலும் இந்த ஆபத்து உண்டு. வினா தயாரிக்கிறவர்கள் தலைகீழ் விடையை வேண்டுமென்றேதான் நான்கில் ஒன்றாக வைக்கிறார்கள். அவசரக்காரரைப் பிடிப்பதற்காக அவர்கள் வைத்த பொறியில் மொழிபெயர்ப்பாளர் மாட்டி, தண்டனையை மாணவருக்குக் கொடுத்துவிடுகிறார். நான் கடைப்பிடிக்கும் வழி இது. இத்தகைய வாக்கியங்களில் மூலத்தில் எந்தப் பொருள் முதலில் வருகிறதோ அதையே தமிழிலும் முதலில் வைப்பேன், வாக்கியம் கொஞ்சம் நீண்டாலும் சரி. "சம உந்தம் கொண்ட இரு பொருள்களின் நிறைகள் முறையே m, 4m எனில், அவற்றின் இயக்க ஆற்றல்களின் விகிதம்" என்று எழுதினால் வரிசை குலையாது, தமிழும் கெடாது.

இல்லை என்ற பொருளில் வரும் வினாக்களிலும் இதேபோல் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் "எது சரியல்ல" என்பதில் அல்ல என்னும் சொல் நடுவில் தடித்த எழுத்தில் இருக்கும். தமிழில் அது வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். தடித்த எழுத்தையும் அதோடு சேர்த்துக் கடைசிக்குக் கொண்டுபோக வேண்டும். மூலத்தில் தடிமனாக இருந்ததைத் தமிழில் சாதாரண எழுத்தில் விட்டாலும் ஒரு குறிப்பைத் தொலைத்ததாகத்தான் அர்த்தம்.

இதெல்லாம் ஏதோ ஒரு மலைப்பள்ளியின் பயிற்சித் தாளோடு நின்றுவிடும் விஷயம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2018-ல் நடந்தது தமிழ்நாடு முழுவதும் அறிந்தது. அந்த ஆண்டு மே மாதம் நடந்த நீட் தேர்வைத் தமிழில் எழுதியவர்கள் சுமார் 24,720 பேர். தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருப்பதாக, அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த டி.கே. ரங்கராஜன் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடர்ந்தார். சிறுத்தை என்று இருக்க வேண்டிய இடத்தில், ஆங்கிலப் பெயரையே எழுத்துப்பெயர்த்து "சீத்தா" என்று அச்சாகியிருந்ததை அன்று செய்தித்தாள்கள் எழுதின. வினாவுக்கு 4 மதிப்பெண் வீதம் 49 வினாக்களுக்கு 196 மதிப்பெண்களைத் தமிழில் எழுதிய எல்லோருக்கும் வழங்க வேண்டும் என்று ஜூலை 10 அன்று மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. பத்தே நாளில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது, நவம்பரில் ரத்தும் செய்தது. ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்று விதிமுறையில் முன்பே சொல்லியிருந்தோம் என்பது தேர்வு நடத்தியவர்களின் வாதம். அதே தாளில் பக்கத்திலேயே ஆங்கிலமும் இருந்தது.

அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. ஆங்கிலத்தைப் பார்த்துச் சரி செய்துகொள்ள முடிந்த பிள்ளை தமிழ்த் தாளைக் கேட்டிருக்காது. அதே சமயம், 720-க்கு 196-ஐ எல்லோருக்கும் ஒரே அளவாகக் கொடுப்பதும் நியாயமான பரிகாரம் இல்லை. அந்த 49-ல் எத்தனை வினாக்களில் ஒரு மாணவர் பிழையால் விழுந்தார், எத்தனையில் பிழையைத் தாண்டிச் சரியாக எழுதினார் என்பதைத் தேர்வு முடிந்தபின் யாராலும் பிரித்தறிய முடியாது. சீத்தா போன்ற பிழை வெளியே தெரிந்தது, அதனால் வழக்கானது. விகிதம் தலைகீழாவது போன்ற பிழை ஒரு தாளில் இருந்தால் அது வெளியே தெரியாது, யாரும் வழக்குப் போடவும் மாட்டார்கள். அச்சுக்குப் போவதற்கு முன்பு பிடிக்காத பிழையைப் பிறகு எந்த நீதிமன்றத்தாலும் சரி செய்ய முடியாது என்பதற்கு அந்த வழக்கே சான்று.

பிடிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது, அதிகச் செலவும் இல்லை. மொழிபெயர்த்த தாளை, மூலத்தைப் பார்க்காத வேறொரு பாட ஆசிரியரிடம் கொடுத்து எல்லா வினாக்களுக்கும் விடை போடச் சொல்ல வேண்டும். பிறகு மூலத் தாளின் விடைக்குறிப்போடு ஒப்பிட வேண்டும். எங்கே வேறுபடுகிறதோ அங்கே மட்டும் படத்தைத் திறந்து பார்த்தால் போதும். ஒன்று மொழிபெயர்ப்பு தவறாக இருக்கும், இல்லையென்றால் விடைக்குறிப்பு தவறாக இருக்கும், இல்லையென்றால் ஆசிரியர் சறுக்கியிருப்பார். மூன்றில் எது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மேலே சொன்ன இயக்க ஆற்றல் கணக்கை இந்தச் சோதனை நிச்சயம் பிடிக்கும். வெறுமனே இரு வாக்கியங்களையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் கண் தப்பவிட்டுவிடும், ஏனென்றால் எல்லாச் சொற்களும் அங்கே இருக்கின்றன, வரிசை மட்டும்தான் மாறியிருக்கிறது. சைக்ளோஸ்டைல் நாட்களில் எங்களோடு இருந்த கணித ஆசிரியர் ஒருவர் ஸ்டென்சில் கீறும் முன்பு தாளை வாங்கி, மூலத்தைப் பார்க்க மறுத்துவிட்டுத்தான் விடை போடுவார். நகல் எடுக்க அரை நாள் ஆன காலத்தில் அந்தப் பொறுமை எங்களுக்கு இருந்தது. இப்போது அனுப்பும் பொத்தான் விரலுக்கடியில் இருப்பதால் அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்க மனம் வருவதில்லை.

தெரியாததை என்ன செய்வது என்பதிலும் அன்றைய பழக்கமே மேல். மடிப்பில் எழுத்து அழிந்திருந்தால் அந்த இடத்தில் கட்டம் போட்டு வெறுமையாக விடுவோம். இன்றும் "[படத்தில் தெரியவில்லை]" என்று எழுதிவிடுகிறேன். அங்கே இருந்திருக்கக்கூடிய எண்ணை ஊகித்து நிரப்புவதில்லை. ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அதுதான் அதன் ஆபத்து. எந்த இடத்தில் ஊகித்தோம் என்பதைப் படிக்கிறவரால் பார்க்க முடியாது. மூலத் தாளிலேயே பிழை இருப்பதாகத் தோன்றினாலும் திருத்துவதில்லை. பிழையோடு மொழிபெயர்த்துவிட்டு, தாளுக்கு வெளியே, கடைசியில் தனிக் குறிப்பாக எழுதுகிறேன்.

அறிவுரைப் பக்கத்துக்கும் இதே விதிதான். பிள்ளைகள் படம் எடுக்கும்போது முதல் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள், வினாக்கள்தானே முக்கியம் என்று. சரியான விடைக்கு எத்தனை, தவறானதற்கு எத்தனை கழிப்பு, எழுதாமல் விட்டால் என்ன, எந்தப் பகுதியில் எத்தனை எழுத வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. நீட் தாளில் 2021 முதல் 2024 வரை ஒவ்வொரு பாடத்திலும் இரண்டாவது பகுதியில் 15 வினாக்கள் கொடுத்து 10 எழுதச் சொன்னார்கள். அதற்கு மேல் எழுதினால் முதல் பத்துதான் திருத்தப்படும். 2025-ல் அந்த விருப்பத் தேர்வை எடுத்துவிட்டு, 180 வினாக்களும் கட்டாயம் என்றாக்கினார்கள். பழைய மாதிரித் தாள்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றை மொழிபெயர்க்கும்போது "15-ல் 10" என்பதை நாமே நீக்கிவிடக் கூடாது. நீக்கினால் வினா எண்களும் மொத்த மதிப்பெண்ணும் விடைக்குறிப்போடு ஒட்டாமல் போகும். உள்ளதை உள்ளபடி வைத்து, இப்போது விதி மாறியிருக்கிறது என்று பக்கத்தில் சொன்னால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் படத்தைத் திறக்கவே மாட்டேன். தேர்வு நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் அந்தத் தேர்வின் தாள் படமாக வந்தால் அது மொழிபெயர்ப்பு வேலை அல்ல, குற்றம். 2015 மார்ச்சில் ஓசூரில் பிளஸ் டூ கணிதத் தாளைத் தேர்வறையிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆசிரியர்கள் கைதானார்கள். தாள் என்ன, தேதி என்ன, தேர்வு முடிந்ததா என்று கேட்டுவிட்டே வேலையைத் தொடங்குகிறேன். பிள்ளைகள் இதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

மலையில் படம் எடுக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்கு உதவும் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் சில. தாளைத் தரையில் விரித்து, மடிப்பை நீவி, பகல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து எடுங்கள், சாய்த்து எடுக்காதீர்கள். ஒரு படத்துக்கு ஒரு பக்கம். நான்கு ஓரங்களும் பக்க எண்ணும் சட்டகத்துக்குள் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுச் சின்ன எழுத்துகள் கலங்கிவிடும். அதையே ஆவணமாக, டாக்குமென்ட் என்று இருக்கும் வழியில் அனுப்பினால் எடுத்தபடியே வரும். அறிவுரைப் பக்கத்தையும் விடைக்குறிப்பையும் சேர்த்தே அனுப்புங்கள். சிக்னல் குறைவாக இருந்தால் இரண்டு நாள் கழித்து அனுப்பினாலும் காத்திருக்கிறோம்.